ஒரே ஆள், இரண்டு கடன் மதிப்பெண்: வங்கி எதைப் பார்க்கிறது?

"கைப்பேசிச் செயலியில் என் கடன் மதிப்பெண் 778 என்று காட்டுகிறது. பெருந்துறையில் வீட்டுக்கடன் கேட்டுப் போன வங்கியில் 702தான் என்கிறார்கள். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு எண் வரும்? வங்கி உண்மையில் எதைப் பார்க்கிறது?"

இரண்டு எண்ணும் உண்மையானவைதான். செயலி காட்டியது ஒரு நிறுவனம் போட்ட மதிப்பெண். வங்கி எடுத்தது இன்னொரு நிறுவனம் போட்டது. நம் பக்கத்து வங்கிகள் வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையைத்தான் எடுக்கின்றன. ஆனால் 76 புள்ளி வித்தியாசத்தை 'கணக்குப் போடும் முறை வேறு' என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கிளைகளில் இருபத்து நான்கு ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்தவன் நான். இருபது, முப்பது புள்ளி வித்தியாசம் சாதாரணம். எழுபதைத் தாண்டினால், ஒரு நிறுவனத்தின் கோப்பில் இருக்கும் ஏதோ ஒரு கடன் இன்னொன்றின் கோப்பில் இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். சிபில் 2000இல் தொடங்கியது. மற்ற மூன்றும் பத்தாண்டு கழித்து வந்தவை. அதனால்தான் எந்த நிறுவனத்தின் மதிப்பெண்ணாக இருந்தாலும் நாம் 'சிபில்' என்றே சொல்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது. நான்குமே 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. அளவுகோல் ஒன்றாகத் தெரிவதால் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றும். 2015இல் ரிசர்வ் வங்கி, கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே உங்கள் தவணை விவரம் நான்கு இடத்துக்கும் போகிறது. போன விவரத்தை யாருடைய பெயரில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

வங்கி அனுப்பும் பட்டியலில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, கைப்பேசி எண், கடன் தொகை, எத்தனை நாள் தாமதம் என்று இருக்கும். இந்த வரி ஏற்கெனவே தங்களிடம் இருக்கும் எந்த ஆளுடையது என்பதைக் கடன் தகவல் நிறுவனத்தின் கணினி முடிவு செய்ய வேண்டும். பான் எண் இருந்தால் வேலை சுலபம். அது இல்லாமலோ தவறாகவோ இருந்தால் பெயரையும் பிறந்த தேதியையும் முகவரியையும் வைத்துத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு பொருந்தினால் ஒரே ஆள் என்று கொள்வது என்பதை நான்கு நிறுவனங்களும் தனித்தனியாக வகுத்துக்கொள்கின்றன. ஒன்று இறுக்கமாகப் பார்த்து விட்டுவிடும். இன்னொன்று தாராளமாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்கள் இந்த இடத்தில் படும் பாடு கொஞ்சமல்ல. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். ஆதாரில் முதலெழுத்து பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் முன்னால் இருக்கும், பான் அட்டைக்கு அந்த எழுத்தை விரித்துத் தந்தையின் முழுப் பெயரையே கடைசிப் பெயராக எழுதியிருப்போம். 'சாமி' என்று முடியும் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். கொங்கு நாட்டில் பொன்னுசாமியும் சுப்பிரமணியமும் செல்வராஜும் இல்லாத ஊர் உண்டா? போதாக்குறைக்கு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் போட்ட ஜூன் மாதத் தேதிதான் பிறந்த நாள். ஆக, பெயரும் பிறந்த தேதியும் பொருந்துவது இங்கே ஓர் ஆளை அடையாளம் காட்டாது. ஒரே ஊருக்குள் இரண்டு பேரைக் காட்டக்கூடும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். பெயரைப் பொன்னுசாமி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. 2025 தொடக்கத்தில் வீடு கட்ட 28 லட்சம் கடன் கேட்டார். செயலியில் 771, வங்கி எடுத்த சிபில் அறிக்கையில் 684. "அண்ணா, நான் ஒரு தவணையும் தவறியதில்லை, வங்கியில் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார்கள்" என்று மனம் நொந்து வந்தார். செயலிக்கு மதிப்பெண் கொடுத்த நிறுவனத்தின் முழு அறிக்கையையும் சிபில் அறிக்கையையும் இறக்கி, அச்செடுத்து, என் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தோம்.

முதலில் எண்ணை விட்டுவிட்டுக் கடன் கணக்குகளை எண்ணச் சொன்னேன். செயலி அறிக்கையில் நான்கு: முடிந்த இருசக்கர வாகனக் கடன், முடிந்த வீட்டு உபயோகப் பொருள் கடன், ஒரு கடன் அட்டை, ஓடிக்கொண்டிருந்த தனிநபர் கடன். நான்கிலும் தாமதமே இல்லை. சிபிலில் ஆறு இருந்தன. அதே நான்கும், அதற்கு மேல் இரண்டும்.

ஐந்தாவது, 16 லட்ச ரூபாய் லாரிக் கடன். அதில் இவருடைய பங்கு என்ற இடத்தில் Guarantor என்று இருந்தது. பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சங்ககிரியில் லாரி ஓட்டும் மைத்துனருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டதையே மறந்துவிட்டிருந்தார். அந்தக் கணக்கின் கீழே மாதவாரியாக மூன்று இலக்க எண்கள் வரிசையாக இருக்கும். தவணை தவறி எத்தனை நாள் ஆயிற்று என்பதை அவை சொல்கின்றன. 000 என்றால் பாக்கி இல்லை. இவருடையதில் முப்பதுக்கும் மேற்பட்ட மாதங்கள் 000 என்று இருந்து, கடைசி இரண்டு மாதங்களில் 032, 061 என்று ஏறியிருந்தது. மைத்துனர் இரண்டு தவணை கட்டவில்லை. ஜாமீன் போட்டவரின் அறிக்கையிலும் அந்தத் தாமதம் அப்படியே ஏறும்.

ஆறாவது, 48,000 ரூபாய் நகைக்கடன், தவணை கடந்த பாக்கியோடு. கடன் கொடுத்த கிளை தாராபுரத்தை அடுத்த ஓர் ஊரில். அந்த ஊருக்கே தாம் போனதில்லை என்றார். நம்பத்தான் செய்தேன், ஆனாலும் சான்று வேண்டுமே. அறிக்கையின் முகவரிப் பகுதியைப் புரட்டினால் அங்கே தாராபுரம் பக்கத்து முகவரி ஒன்றும், இவருக்குச் சம்பந்தமில்லாத கைப்பேசி எண் ஒன்றும் இருந்தன. வேறு ஆளின் கடன் உங்கள் கோப்பில் கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்க்கும் யாரும் இந்த முகவரிப் பகுதியைப் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெயர்கள் எப்படி இருந்தன என்று பாருங்கள். பான் அட்டையில் PONNUSAMY RAMASAMY. ஆதாரில் PONNUSAMY R. லாரிக் கடனில் R PONNUSWAMY. பான் எண் இல்லை. பழைய வாக்காளர் அட்டை எண்ணும் பழைய முகவரியும் மட்டும். நகைக்கடனில் PONNUSAMY R; அதிலும் பான் எண் இல்லை, பிறந்த தேதி மட்டும் இவருடையதேதான். சிபில் நிறுவனம் இரண்டையும் இவரோடு சேர்த்துவிட்டது. செயலிக்கு மதிப்பெண் கொடுத்த நிறுவனம் இரண்டையுமே சேர்க்கவில்லை.

ஆகவே 684 முழு உண்மையும் இல்லை, 771 முழு உண்மையும் இல்லை. சிபில் கோப்பில் வரக்கூடாத ஒரு கடன் வந்திருந்தது. செயலிக் கோப்பில் வந்திருக்க வேண்டிய ஒரு கடன் வரவில்லை. மக்கள் பொதுவாக அதிகமாக இருக்கும் எண்ணைச் சரி என்றும் குறைவாக இருப்பதைத் தவறு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அதிகமான எண் பல நேரம், விடுபட்ட கடனால் வந்த எண்.

நகைக்கடனுக்காகச் சிபில் இணையதளத்திலேயே 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று புகார் பதிந்தோம். தவறான முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்தே குறிப்பிட்டோம். கணக்கை மட்டும் நீக்கி அவற்றை விட்டுவைத்தால், அடுத்த முறை அதே ஆளின் இன்னொரு கடன் அந்த வழியாகவே வந்து ஒட்டிக்கொள்ளலாம். கடன் கொடுத்த நிறுவனம் சரிபார்த்துச் சொன்ன பிறகு, 26ஆவது நாளில் கணக்கு நீங்கியது. லாரிக் கடனுக்குப் புகார் போட வழியில்லை, அது உண்மை. மைத்துனரை உட்காரவைத்துப் பேசி இரண்டு தவணையையும் கட்ட வைத்தார். கட்டினாலும் 032, 061 என்ற பழைய தடம் அழியாது. புதிய மாதங்கள் 000 ஆகும், அவ்வளவுதான். அதற்காகப் போன கையோடு தம் பான் எண்ணையும் லாரிக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தில் பதிந்துவிட்டு வந்தார்.

நான்கு மாதம் கழித்து இரண்டு அறிக்கையையும் மறுபடி எடுத்தோம். சிபில் 738. செயலியில் 746. செயலிக் கோப்பில் லாரிக் கடன் இப்போது சேர்ந்துவிட்டது, அதனால் அங்கே 25 புள்ளி இறங்கியிருந்தது. மிச்சமிருந்த எட்டுப் புள்ளிதான் கணக்குப் போடும் முறையால் வரும் வித்தியாசம்.

கோப்பு ஒன்றாகவே இருந்தாலும் எண் கொஞ்சம் விலகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் கடன் கேட்கும்போது வங்கி எந்த நிறுவனத்தில் அறிக்கை எடுக்கிறதோ, அந்த நிறுவனத்தின் கோப்பில் மட்டும்தான் 'விசாரித்தார்கள்' என்று பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் கேட்டு, ஐந்தும் சிபிலில் எடுத்திருந்தால் சிபில் எண் இறங்கும். மற்ற மூன்று நிறுவனங்களுக்கு அந்த அலைச்சல் தெரியவே தெரியாது. நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் எண் இறங்காது. தேதியையும் பாருங்கள். 2025 ஜனவரியில், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வங்கிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் செயலி உங்களுக்குக் காட்டுவது சில நேரம் ஒரு மாதத்துக்கு முன் எடுத்து வைத்த எண். எந்த நிறுவனத்தின் மதிப்பெண், எந்தத் தேதியில் எடுத்தது என்று திரையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இனி, வங்கி எதைப் பார்க்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுப்பது என்பது கிளை மேலாளரின் விருப்பமல்ல. தலைமை அலுவலகம் கடன் வகைவாரியாக முடிவு செய்திருக்கும். பொதுத்துறை வங்கிகளில் வீட்டுக்கடன், வாகனக் கடன் என்றால் பெரும்பாலும் சிபில். சில வங்கிகள் தொகை பெரிதானால் இரண்டாவது நிறுவனத்திலும் எடுக்கும். மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்கள் ஹை மார்க்கையும் ஈக்விஃபாக்ஸையும் அதிகம் பார்க்கின்றன, குழுக்கடன் விவரங்களை அவை முதலிலிருந்தே சேர்த்துவந்ததால். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை என்று தொழில் பெயரில் கடன் கேட்டால், முதலாளியின் தனிப்பட்ட மதிப்பெண்ணோடு, நிறுவனத்துக்குச் சிபில் தரும் 1 முதல் 10 வரையிலான தர எண்ணையும் பார்ப்பார்கள். அதில் 1தான் நல்லது, 10 மோசம்.

அந்த எண்ணுக்கு வங்கியில் இரண்டு வேலைதான். ஒன்று, வாசலில் நிறுத்துவது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பம் மேலிடத்துக்குப் போகும் அல்லது அங்கேயே நிற்கும். இரண்டு, வட்டி. ஸ்டேட் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா போன்றவை வீட்டுக்கடன் வட்டியை மதிப்பெண் அடுக்கோடு இணைத்திருக்கின்றன. ஓர் அடுக்கு கீழே போய் வட்டி கால் சதவீதம் கூடினால் என்ன ஆகும்? 28 லட்சத்துக்கு 20 ஆண்டு, 8.5 சதவீதத்துக்குப் பதில் 8.75 என்றால் தவணை மாதம் 445 ரூபாய் அளவுக்கு ஏறும். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆகவே அடுக்கின் விளிம்பில் நிற்பவருக்கு எட்டுப் புள்ளியும் காசுதான்.

வாசலைத் தாண்டிவிட்டால் எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் 760 வைத்திருந்தவருக்குக் கடன் மறுக்கப் பரிந்துரைத்திருக்கிறேன். 715 வைத்திருந்தவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த 760க்காரர் முந்தைய மூன்று மாதத்தில் நான்கு தனிநபர் கடன் வாங்கியிருந்தார். தவணைகளைக் கூட்டினால் வருமானத்தில் முக்கால் பங்கு போயிற்று. 715க்காரருக்கு ஒரே ஒரு கடன் அட்டையில் பழைய தாமதம், அதன் பிறகு இரண்டு ஆண்டு சுத்தமாக இருந்தது. Settled, Written-off என்ற சொற்கள் ஒரு கணக்கில் இருந்தால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் கேள்வி வரும். முன்னது பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது, பின்னது வங்கி வராக்கடனாகக் கணக்கிலிருந்து நீக்கியது. கடனைக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று யாராவது அழைத்தால், அந்தச் சொல் உங்கள் கோப்பில் ஏறும் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெருந்துறை வங்கி எந்த நிறுவனத்தில் எடுத்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வங்கி உங்கள் அறிக்கையை எடுக்கும்போது கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது விதி. விண்ணப்பித்த வாரத்துக் குறுஞ்செய்திகளைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கிடைக்காவிட்டால், வங்கியிலேயே கேளுங்கள். தான் பார்த்த கடன் தகவலின் நகலை விண்ணப்பித்தவர் கேட்டால் வங்கி கொடுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'கணினியில் மட்டும்தான் தெரியும்' என்று அனுப்பிவிடுவார்கள்.

பிறகு நான்கு நிறுவனங்களின் இணையதளங்களிலும் முழு அறிக்கையை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம், 2017 முதல் இந்த உரிமை இருக்கிறது. கட்டணத் திட்டத்தில் சேரச் சொல்லும் பொத்தான்தான் பெரிதாக இருக்கும். இலவச அறிக்கைக்கான இணைப்பு கீழே எங்காவது இருக்கும், தேடுங்கள். எடுத்தபின் கடன் கணக்குகளை எண்ணுங்கள், முகவரிகளைப் பாருங்கள், ஜாமீன் கையெழுத்து ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோப்புக்கும் பொதுவில்லாத கணக்கில்தான் அந்த 76 புள்ளி ஒளிந்திருக்கும்.

தவறு எந்த வகை என்று தெரிந்த பிறகு புகார் போடுங்கள், இடம் மாறினால் மாதங்கள் வீணாகும். அடுத்தவர் கடன் உங்கள் கோப்பில் கலந்திருந்தால், கலந்த நிறுவனத்தில் புகார் போட வேண்டும். ஆனால் நீங்கள் கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால், கடன் கொடுத்த வங்கியே தவறாக அனுப்பியிருக்கக்கூடும். அதை அங்கே திருத்தச் சொல்ல வேண்டும். அவர்கள் சரியாக அனுப்பினால் நான்கு கோப்பும் சேர்ந்தே திருந்தும். ஒரு கடன் தகவல் நிறுவனத்தில் மட்டும் போய்க் கேட்டால் மற்ற மூன்றில் பழையது நீடிக்க இடமுண்டு. கடன் கொடுத்தவருக்கு 21 நாள், மொத்தத்தில் 30 நாள் கெடு. அதைத் தாண்டினால் தாமதித்தவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. புகார் எண்ணையும் பதிந்த தேதியையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த 30 நாள் கெடு பதிந்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும். அப்போதும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன.

திருத்தம் வந்த பிறகு வங்கிக்குப் போனால், உங்கள் விண்ணப்பக் கோப்பில் பழைய 702 அறிக்கைதான் அச்சடித்துச் சேர்த்திருக்கும், அதை வைத்தே பேசுவார்கள். புகார் தீர்ந்ததாக வந்த மின்னஞ்சலை முன்னால் வைத்து, புதிய அறிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.